குதிரைக்கும் ஒரு பங்கு: ‘பொன்னகரம்’ கட்டுரைக்கு மைய வாதம் அமைப்பது

கேள்வி: நான் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் மாணவி. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சிறுகதையைப் பற்றி ஐந்து பக்கத்தில் திறனாய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ‘இக்கதையில் வறுமையும் கற்பும் உருக்கமாகச் சித்திரிக்கப்பட்டுள்ளன’ என்பதுதான் நான் எழுதிக் கொடுத்த மைய வாக்கியம். ‘இதை யார் மறுக்கப் போகிறார்கள்? வாதம் எங்கே?’ என்று ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுக்கக்கூடியதாகவும் அதே சமயம் வலுவாகவும் இருக்கிற ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது ஐயா?

பதில்:

ஓரக்குறிப்பு எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். சுருக்கமாக எழுதிவிட்டதுதான் குறை. உங்கள் வாக்கியத்தில் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. கதையில் வறுமையும் கற்பும் பேசப்படுகின்றன என்பது தகவல். கதையை ஒருமுறை படித்தவர் எவரும் அதை ஒப்புக்கொள்வார். உருக்கமாக இருக்கிறது என்பது உங்கள் ரசனை. அதை ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் சான்று காட்டி அவரை மாற்ற முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை வாக்கியம் உண்டு. நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். ‘பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘பாம்பன் பாலம் அழகானது’ என்றால் பேச்சு தொடங்கவே தொடங்காது. ‘தனுஷ்கோடியின் வாழ்வைக் கடலைவிட ரயில்தான் அதிகம் தீர்மானித்தது’ என்று ஒருவர் சொன்னால், அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவர் ‘அதெப்படி?’ என்று நிமிர்ந்து உட்காருவார். இருவரும் சான்று தேடியாக வேண்டும், தேடினால் கிடைக்கவும் செய்யும். கட்டுரையின் தலையில் வைக்க வேண்டியது இந்த மூன்றாவது வகை வாக்கியத்தைத்தான். கதையைக் கவனமாகப் படித்த, அறிவுள்ள ஒருவர் அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவரைக் கதையின் வரிகளைக் கொண்டே நீங்கள் எதிர்கொள்ளவும் முடிய வேண்டும்.

இது ஆங்கிலத் துறையிலிருந்து நமக்கு வந்த வழக்கம் என்று சிலர் நினைத்துக்கொள்வதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலாசிரியன் கொள்ளத்தக்க எழுவகை மதங்களை நன்னூல் பட்டியலிடும்போது, உடன்படல், மறுத்தல் என்று தொடங்கி, ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. இருவர் ஒன்றுக்கொன்று மாறாகக் கொண்ட கருத்துகளுள் ஒன்றன் பக்கம் துணிந்து நிற்பது என்பது அதன் பொருள். உங்களிடம் கேட்கப்படுவது ஏறத்தாழ இதுதான். மாறுகோள் இல்லாத இடத்தில் துணிவதற்கு எதுவும் இல்லை என்பதையும் அந்தத் தொடரே சொல்லிவிடுகிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மையக்கரு வேறு, மைய வாதம் வேறு. வறுமை, கற்பு, நகர வாழ்க்கை என்பவை மையக்கரு. ஒரு சொல்லில் முடிந்துவிடும், எழுவாய் பயனிலை வேண்டியதில்லை. மைய வாதம் என்பது அந்தக் கருவைக் குறித்து இந்தக் கதை எதை, எந்த வழியில் செய்கிறது என்று நீங்கள் துணிந்து சொல்லும் முழு வாக்கியம். மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கருவை நீட்டினால் வாதமாகிவிடும் என்று எண்ணுவதால்தான். ‘வறுமை’ என்பதை ‘வறுமையின் கொடுமை’ என்றும், அதை ‘வறுமையின் கொடுமையை ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார்’ என்றும் நீட்டிக்கொண்டே போகலாம். வாக்கியம்தான் நீளுமே தவிர வாதம் பிறக்காது.

ஆகவே கருவிலிருந்து தொடங்காதீர்கள். கதையில் உங்களுக்கு உறுத்துகிற ஒரு சின்ன இடத்திலிருந்து தொடங்குங்கள். எழுதாமல் விட்டிருந்தாலும் கதை நடந்திருக்கும், ஆனாலும் ஆசிரியர் எழுதியிருக்கிறார் என்று தோன்றும் இடம். அல்லது எழுதியே ஆக வேண்டிய ஒன்றை எழுதாமல் தாண்டிப் போயிருக்கும் இடம். ‘பொன்னகரம்’ சில பக்கங்களில் முடிந்துவிடும் கதை. 1934-இல் மணிக்கொடியில் வந்தது. மூன்று முறை படிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் முறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலை வைத்துக்கொண்டு, ‘இது ஏன் இங்கே?’ என்று தோன்றும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். மூன்றாம் முறை கோடு போட்ட இடங்களை மட்டும் படித்து, அவற்றுள் எவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பாருங்கள்.

கதை நடப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். மில் கூலி அம்மாளு, ஜட்கா வண்டிக்காரன் முருகேசன், அவன் தாய், தம்பி. வண்டி விபத்தில் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை. அம்மாளுவின் மேல் கண் வைத்திருக்கும் ஒருவன் சந்தில் நிற்கிறான். இருவரும் இருளில் மறைகிறார்கள். அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள் என்று கதைசொல்லி அறிவிக்கிறான். புருஷனுக்குப் பால்கஞ்சி வார்ப்பதற்கு என்றும் சொல்கிறான். பிறகு வாசகரைப் பார்த்து, கற்பு கற்பு என்று பேசுகிறீர்களே, இதுதான் பொன்னகரம் என்று முடித்துவிடுகிறான். எல்லாக் கட்டுரைகளும் இந்தக் கடைசி வரியில்தான் போய் விழுகின்றன. அதனால்தான் எல்லாக் கட்டுரைகளும் ஒரே கட்டுரையாக இருக்கின்றன.

இந்தக் கதையை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். குடும்பத்தை அறிமுகம் செய்யும் இடத்தில் கதைசொல்லி அம்மாளு, முருகேசன், தாய், தம்பி ஆகியோரோடு குதிரையையும் சேர்த்து ஐந்து நபர் என்று எண்ணுவான். நான் அதை எப்போதும் புதுமைப்பித்தனின் கிண்டல் என்றே சொல்லிக் கடந்துபோவேன், வகுப்பும் சிரிக்கும். ஒரு வருடம் மண்டபம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தாயார் கடலில் பாசி எடுக்கப் போகிறவர். ‘இதில் சிரிக்க என்ன ஐயா இருக்கிறது? எங்கள் வீட்டிலும் பிடித்த மீனை விற்ற காசில் ஆட்களுக்குப் பங்கு போடும்போது வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். குதிரையும் தின்கிறது, குதிரையும் சம்பாதிக்கிறது. அது கணக்கில் வர வேண்டாமா?’ என்றாள். எனக்கு அன்று அந்த இடம் திறந்தது. நகைச்சுவை என்று நான் எண்ணியிருந்த வரி, அவள் கண்ணுக்குக் கணக்கேட்டின் முதல் வரியாகத் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு அந்தப் பத்தியை மறுபடி படித்தால் அது முழுவதும் கணக்கு என்பது தெரிகிறது. இருவர் வரும்படியில் குதிரை உட்பட எல்லார் சாப்பாடும் நடக்க வேண்டும். வீட்டு வாடகை, போலீஸ் மாமூல், தம்பி திருட்டுத்தனமாகக் கஞ்சா அடிப்பதற்கு ஆகும் செலவு ஆகிய எல்லாமும் அதற்குள்தான். கஞ்சாச் செலவை வாடகையோடு ஒரே மூச்சில், ஒரே தொனியில் கதைசொல்லி எழுதிவிடுகிறான். இது தகும், இது தகாது என்று அவன் பிரிக்கவில்லை. இங்கே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: இத்தனை சிறிய கதையில், ஒரு குடும்பத்தின் பாசத்தையோ சண்டையையோ சொல்லாமல், அதன் வரவு செலவை ஏன் கதைசொல்லி இவ்வளவு வரிசையாகச் சொல்ல வேண்டும்? மைய வாதம் என்பது இப்படிப்பட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் தரும் விடையாக இருக்க வேண்டும். கேள்வி இல்லாமல் எழுதிய வாக்கியம் விடையைப் போல ஒலிக்கும், ஆனால் எதற்கு விடை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இனி, அந்த இடத்தோடு பேசுகிற வேறு இடங்களைத் தேட வேண்டும். ஒரே ஓர் இடத்தை வைத்துக்கொண்டு வாதம் கட்டினால் அது ஒற்றைக் கால் பந்தல். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த அடுத்த இடம், கதைசொல்லி வாசகரை நேரே பார்த்துப் பேசும் தருணங்கள். தொடக்கத்திலேயே பொன்னகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கதை தொடங்குகிறது. முடிவில் கற்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற குத்தல். இவ்விரண்டையும் எல்லாரும் பார்ப்பார்கள். நடுவிலும் அவன் வாசகரை நோக்கித் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. பசி வந்திடப் பத்தும் பறந்துபோகும் என்று ஒய்யாரமாகப் பாடுகிறீரே, அங்கே ஒரு நாள் இருந்து பார்த்தால் அதன் பொருள் அடிவயிற்றிலிருந்து தெரியும் என்ற கருத்தில் அங்கே பேசுகிறான். அது நல்வழி வெண்பா என்பதும், அது அடுக்கும் பத்தில் முதலாவது மானம் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த நடு இடம்தான் என் பார்வையில் கதையின் சாவி. ஏனென்று பாருங்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது பொய் என்று கதைசொல்லி அங்கே சொல்லவில்லை, அது மெய்தான். அதைப் பாடுகிறவருக்கு அதன் பொருள் தெரியாது என்பதே அவனுடைய குற்றச்சாட்டு. அதே அமைப்பில்தான் கடைசி வரியும் இருக்கிறது. பாடுகிறீரே, பேசுகிறீர்களே என்று இரண்டும் வாசகரின் வாய்ச்சொல்லைத்தான் பிடிக்கின்றன. அப்படியானால் கடைசி வரி கற்பையே பொய் என்று தள்ளுகிறதா, அல்லது பசிப் பாட்டைப் போலவே கற்பையும் பொருள் தெரியாமல் உச்சரிப்பவரைத் தள்ளுகிறதா? இங்கே இரண்டு கட்சி பிறந்துவிட்டது. நன்னூல் சொன்ன மாறுகோள் இதுதான். இனி ஒரு பக்கம் துணியலாம்.

வாக்கியம் ஒரே நாளில் அமைந்துவிடாது. நான் கரும்பலகையில் மாணவர்களோடு சேர்ந்து எழுதி அழித்த வரிசையை அப்படியே தருகிறேன். முதலில் எழுதியது: ‘பொன்னகரம் கதையில் பணக் கணக்கு முக்கிய இடம் பெறுகிறது.’ உங்கள் வாக்கியத்தைவிட இது நல்லது, ஏனென்றால் குறிப்பிட்ட ஒன்றைத் தொட்டிருக்கிறது. ஆனாலும் இது தகவல்தான். அடுத்தது: ‘அம்மாளுவின் முக்கால் ரூபாயைக் கதைசொல்லி குடும்பக் கணக்கின் இன்னொரு வரவாகவே எழுதுகிறான்.’ இங்கே ஒரு விளக்கம் நுழைந்துவிட்டது. ஒருவர் ‘இல்லை, அது கணக்கு அல்ல, கதறல்’ என்று மறுக்கலாம். ஆனால் இதைப் படித்தவர் ‘சரி, அதனால் என்ன?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது மூன்றாவது வந்தது: ‘முக்கால் ரூபாயைக் கணக்காக எழுதுவதன் மூலம் கதைசொல்லி கற்பு என்ற கருத்தையே மறுக்கிறான்.’ துணிச்சலான வாக்கியம், வகுப்பில் பலருக்குப் பிடித்திருந்தது. பசிப் பாட்டு வரும் இடத்தை முன்னால் வைத்தபோது அது நிற்கவில்லை. அங்கே கருத்தை மறுக்காதவன் இங்கே மட்டும் மறுக்கிறான் என்று சொல்லத் தனியாகக் காரணம் காட்ட வேண்டியிருந்தது, காட்ட முடியவில்லை. கடைசியில் இப்படி அமைந்தது:

‘பொன்னகரம் கதையின் இறுதி வரி கற்பை ஏளனம் செய்வதாகவே பொதுவாக வாசிக்கப்பட்டாலும், குதிரையையும் ஆளாக எண்ணும் குடும்பக் கணக்கை முதலில் விரித்து, அம்மாளு ஈட்டிய முக்கால் ரூபாயை அதே கணக்கில் ஒரு வரவாகக் குறிப்பதன் மூலம், கதைசொல்லி கற்பை மறுக்கவில்லை, அந்தக் கணக்கைப் பார்க்காமலே கற்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வாசகரின் உரிமையைத்தான் மறுக்கிறான்.’

வாக்கியம் நீளம்தான், ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘பொதுவாக வாசிக்கப்பட்டாலும்’ என்ற பகுதி எதிர்க்கட்சியை மேடைக்கு அழைக்கிறது. அது இல்லாவிட்டால் நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்பது தெரியாது. ‘மூலம்’ என்று முடியும் பகுதி, கதையின் எந்த உத்தியை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று சொல்கிறது. இதுவே இலக்கியக் கட்டுரையைச் சமூகவியல் கட்டுரையிலிருந்து பிரிக்கும் பகுதி, மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான். கடைசிப் பகுதி துணிவு. அதில் ‘உரிமை’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. ‘அறியாமை’ என்று முதலில் எழுதியிருந்தோம். அறியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், ஆனால் கதைசொல்லியின் குரலில் இருக்கும் காட்டம் சொல்லிக்கொடுக்கிறவருடையது அல்ல என்று ஒருவர் சுட்டிக்காட்டியதால் மாற்றினோம். இப்படி ஒரு சொல்லுக்காகச் சண்டை போட முடிகிறதென்றால் வாதம் கூர்மையாகிவிட்டது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். ‘சித்திரிக்கிறார்’, ‘எடுத்துரைக்கிறார்’, ‘பிரதிபலிக்கிறது’ போன்ற வினைகளை வைத்து யாரும் சண்டை போட மாட்டார்கள். எந்தக் கதைக்கும் அவை பொருந்தும்.

‘கதைசொல்லி’ என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். வாசகரைக் குத்துகிற குரல் புதுமைப்பித்தன் படைத்த குரல். அதுவே புதுமைப்பித்தன் என்று எடுத்துக்கொண்டால், அவர் என்ன நினைத்தார் என்று கட்டுரை முழுவதும் ஊகிக்க வேண்டியிருக்கும், அதற்குக் கதையில் சான்று கிடைக்காது.

வாக்கியத்தைச் சோதிப்பதற்கு நான் இரண்டு காரியங்களை மட்டும் செய்வேன். ஒன்று, கதையின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு கதையின் பெயரைப் போட்டுப் பார்ப்பது. வறுமையால் ஒழுக்கம் சிதைவதைச் சொல்லும் எத்தனையோ கதைகள் உண்டு. உங்கள் முதல் வாக்கியம் அவை எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தும். குதிரையும் முக்கால் ரூபாயும் உள்ள வாக்கியம் வேறெந்தக் கதைக்கும் பொருந்தாது.

மற்றது இதைவிடக் கடினம்: எதிர்வாக்கியத்தை நீங்களே, நேர்மையாக, வலுவாக எழுதிப் பார்ப்பது. மேலே சொன்ன வாதத்துக்கு நான் எழுதிய எதிர்வாக்கியம் இது: ‘அம்மாளு புருஷனுக்காகவே இதைச் செய்தாள் என்று கதைசொல்லி அழுத்திச் சொல்வதால், கதை கற்பைத் தள்ளவும் இல்லை, தீர்ப்புரிமையைப் பற்றி மட்டும் பேசவும் இல்லை, கணவனுக்காக உடலையும் கொடுப்பதே கற்பு என்று அதற்குப் புதிய வரையறை தருகிறது.’ இது சாமானியமான எதிர்ப்பு அல்ல. அந்த இடத்தில் கதைசொல்லி ‘ஆம்’ என்று சொல்லி, பால்கஞ்சியைக் குறிப்பிட்டு, வியப்புக்குறியும் இட்டிருக்கிறான். வெறும் கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த ‘ஆம்’ எதற்கு? நேர்மையாகச் சொன்னால் இந்த ஒரு சொல் என் வாதத்தை வலிக்க வைக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால், படிக்கிறவர் அந்த வரியை நினைத்துக்கொண்டே என் கட்டுரையைப் படிப்பார். நான் சொல்வது எதுவும் அவருக்குள் இறங்காது.

ஆகவே அதை எடுத்துப் பேச வேண்டும். என்னுடைய விடை இப்படிப் போகும்: அந்த ‘ஆம்’, யாரோ கேட்ட கேள்விக்கு அல்லது யாரோ செய்யப்போகும் ஆட்சேபத்துக்குச் சொல்லும் பதிலைப் போல ஒலிக்கிறது. வாசகர் மனத்தில் எழும் தீர்ப்பைக் கதைசொல்லி முன்கூட்டியே கேட்டுவிட்டு, செலவுத் தலைப்பைச் சொல்கிறான்: எதற்கு இந்த வரவு என்றால், இந்தச் செலவுக்கு. அவள் எப்படிப்பட்ட மனைவி என்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இருவரும் இருளுக்குள் போகும்போது கதைசொல்லி உடன் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் வெளியிலேயே நிற்கிறான். பிறகு தொகையை மட்டும் சொல்கிறான். கற்புக்குப் புதிய வரையறை தருவது நோக்கமாக இருந்திருந்தால், அந்த இருளில் அவள் மனத்துக்குள் நடந்ததை அவன் சொல்லியிருக்க வேண்டும். அவள் தியாகம் செய்வதை நாம் பார்த்திருக்க வேண்டும். இந்த விடை எல்லாரையும் திருப்திப்படுத்தும் என்று நான் எண்ணவில்லை. அம்மாளுவைத் தன் வாதத்துக்கு ஒரு சான்றாக மட்டும் கதைசொல்லி பயன்படுத்திக்கொள்கிறான், அவள் குரலை அவனும் கேட்கவில்லை என்று ஒரு மாணவர் எழுதினார். அது என் வாதத்தைவிடக் கூர்மையானது என்றே இப்போதும் நினைக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் துணிந்தாலும் தவறில்லை.

உங்கள் பழைய வாக்கியத்தில் இருந்த ‘வறுமை’யும் இதே சோதனையில் எங்கே உடைகிறது என்று பாருங்கள். வறுமைதான் அம்மாளுவை அந்த நிலைக்குத் தள்ளியது என்று எழுதத் தோன்றும். ஆனால் முருகேசன் அடிபட்டது வறுமையால் அல்ல. குஷியில் அவனும் குதிரையும் தண்ணி போட்டுவிட்டு ரேஸ் விட்டதால். அங்கேயும் குதிரை இரண்டாவது ஆளாகக் கூடவே குடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். எங்கள் கணக்கு வாதத்துக்கு இது இன்னொரு சான்று, ‘வறுமைதான் காரணம்’ என்ற வாதத்துக்கோ தொல்லை. அந்தத் தொல்லையைச் சமாளிக்க வழி இருக்கிறது. பசியை மறக்கக் குடிப்பதைக் கதைசொல்லி அதே கணக்கின் ஒரு பகுதியாகத்தான் வைக்கிறான் என்று நீங்கள் வாதிடலாம். அப்படி வாதிடத் தொடங்கிய கணத்திலேயே உங்கள் வாக்கியம் ‘வறுமை சித்திரிக்கப்பட்டுள்ளது’ என்பதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டிருக்கும்.

கடற்கரை மாணவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. வள்ளத்துக்குப் பங்கு எடுக்கும் வழக்கம் அந்த மாணவிக்குக் குதிரையைக் காட்டிக் கொடுத்தது. அது கண்ணைத் தந்தது, சான்றைத் தரவில்லை. அவளுடைய கட்டுரையின் முதல் வரைவில் இரண்டு பக்கம் பங்குமுறையைப் பற்றியே இருந்தது. படிக்க நன்றாக இருந்தாலும், அது ‘பொன்னகர’த்தைப் பற்றிய கட்டுரையாக இல்லை. இரண்டாம் வரைவில் அதை ஒரே ஒரு வாக்கியமாகக் குறைத்து, மிச்ச இடத்தை வரும்படிப் பத்திக்கும் பசிப் பாட்டுக்கும் கொடுத்தாள். கதை நடப்பது ரயில் தண்டவாளத்தை ஒட்டிய நகரச் சந்தில். நம் கரையின் வழக்கத்தை அங்கே கொண்டுபோய் நட்டுவிட முடியாது.

ஐந்து பக்கத்துக்குள் இந்த வாதத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை வாக்கியமே சொல்லிவிடும்: பொதுவான வாசிப்பு எது என்பதற்கு அரைப் பக்கம், கணக்குக்கு ஒன்றரை, பசிப் பாட்டையும் கடைசி வரியையும் ஒப்பிட ஒன்றரை, அந்த ‘ஆம்’ எழுப்பும் எதிர்ப்புக்கு ஒன்று. முன்னுரையில் மைய வாதத்தை எழுதிய பிறகு அதைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். எழுதிக்கொண்டு போகும்போது நான்காம் பக்கத்தில், தொடங்கியபோது தெரியாத ஒன்று உங்களுக்கே தெரியவரும். வரவில்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

நான் தந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாயடி, சந்து, ரயிலைப் பார்த்துக் கூவும் குழந்தைகள், கதைத் தலைப்பு ஆகியவற்றை நான் தொடவே இல்லை. அவற்றுள் உங்களுக்கு உறுத்துகிற ஒன்றை எடுத்து, ‘இது ஏன் இங்கே?’ என்ற கேள்வியையும் அதற்கு உங்கள் விடையையும் ஒரு தாளின் முன்பக்கத்திலும், அந்த விடையை மறுக்கும் வாக்கியத்தைப் பின்பக்கத்திலும் எழுதிப் பாருங்கள். பின்பக்கம் எழுத ஒன்றுமே வரவில்லையென்றால் முன்பக்கத்தை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் நிறைந்த தாளோடு உங்கள் ஆசிரியரைப் பாருங்கள். ஓரக்குறிப்பு எழுதியவர் பேச விரும்புவது அந்தத் தாளைப் பற்றித்தான்.